பத்தில் மூன்று ஜெயித்தாலே போதுமா?

பங்குச்சந்தை வகுப்பு எதில் போய் உட்கார்ந்தாலும் முதல் நாளே இந்த வாக்கியம் வந்துவிடும்: "ரிஸ்க் ரிவார்டு 1:3 வைங்க. பத்து டிரேடில் மூணு ஜெயிச்சாலே லாபம்தான்." பலகையில் கணக்கும் போட்டுக் காட்டுவார்கள். ஜெயித்த மூன்றில் தலா 3,000, ஆக 9,000 வரவு. தோற்ற ஏழில் தலா 1,000, ஆக 7,000 போனது. கையில் 2,000 மிச்சம்.

கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. வில்லங்கம் "ஜெயிச்சாலே" என்பதில் இருக்கிறது. மூன்று ஜெயிப்பது ஏதோ நமக்குச் சும்மா கிடைக்கிற விஷயம் மாதிரி அந்த 'ஆலே' காட்டிவிடுகிறது. அது கிடைக்குமா, எதைப் பொறுத்துக் கிடைக்கும் என்ற கேள்விக்குத்தான் எக்ஸ்பெக்டன்சி என்ற கணக்கு.

முதலில் அளவுகோல். நீங்கள் 400 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்குகிறீர்கள். 396-க்கு இறங்கினால் நஷ்டத்தோடு விற்று வெளியேற ஸ்டாப்லாஸ், 408-க்கு ஏறினால் லாபத்தோடு விற்க டார்கெட். கீழே 4 ரூபாய், மேலே 8 ரூபாய், அதாவது 1:2. 250 பங்கு வாங்கினால், தோற்றால் 1,000 போகும், ஜெயித்தால் 2,000 வரும். டிரேடுக்குள் நுழையும்போதே "இதில் தோற்றால் இவ்வளவுதான்" என்று ஒதுக்கிவைத்த அந்த 1,000 ரூபாயை டிரேடர்கள் 1R என்பார்கள். R என்பது ரிஸ்க்கின் முதலெழுத்து, அவ்வளவுதான். 2,000 லாபம் என்றால் +2R. 500 நஷ்டத்தில் வெளியே வந்தால் −0.5R. பங்கின் விலை, எண்ணிக்கை எல்லாம் மறைந்து எல்லா டிரேடும் ஒரே அளவுகோலுக்கு வந்துவிடும் என்பதுதான் இதில் வசதி.

வின் ரேட் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நூறு டிரேடில் எத்தனை லாபத்தில் முடிந்தன என்பது. இரண்டையும் சேர்த்தால் வருவது எக்ஸ்பெக்டன்சி, சுருக்கமாக E:

```
E = (வின் ரேட் × சராசரி லாபம்) − (தோல்வி விகிதம் × சராசரி நஷ்டம்)
```

40% ஜெயிக்கிறீர்கள், ஜெயித்தால் 2R, தோற்றால் 1R என்று வைத்துக்கொள்வோம். 0.40 × 2 = 0.80. 0.60 × 1 = 0.60. கழித்தால் +0.20R. ஒரு டிரேடுக்குச் சராசரியாக 1,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 ரூபாய். எந்த ஒரு டிரேடிலும் 200 ரூபாய் வராது. ஒன்று 2,000 வரும், இல்லை 1,000 போகும். நிறைய டிரேடு போட்டு மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தால்தான் அந்த 200 தெரியும்.

லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற கோடு எங்கே என்பதையும் இதிலிருந்தே எடுக்கலாம். 1:1 என்றால் 50% ஜெயிக்க வேண்டும். 1:2 என்றால் 33.3%. 1:3 என்றால் 25%. ஒன்றை (1 + ரிவார்டு) ஆல் வகுத்தால் வரும் எண் இது. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் "அப்போ 1:5 வைத்தால் 17% போதுமே" என்று மனசு தாவும். எனக்கும் அப்படித்தான் தாவியது. இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

பங்கு எங்கே போகும் என்று உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 400-க்கு வாங்கிவிட்டீர்கள். விலை பூவா தலையா மாதிரி ஒவ்வொரு தடவையும் ஒரு ரூபாய் ஏறும் அல்லது ஒரு ரூபாய் இறங்கும், இரண்டுக்கும் சம வாய்ப்பு. 396 ஸ்டாப்லாஸ், 404 டார்கெட் என்றால் இரண்டும் ஒரே தூரம், ஆகவே எது முதலில் தொடும் என்பது 50-50. சரி, டார்கெட்டை 412-க்குத் தள்ளுங்கள். இப்போது ஸ்டாப்லாஸ் 4 ரூபாய் தள்ளி, டார்கெட் 12 ரூபாய் தள்ளி. 412-ஐ முதலில் தொடும் வாய்ப்பு 4-ஐ 16-ஆல் வகுத்தால் வருவது: சரியாக 25%. 1:3-க்கு லாப நஷ்டமில்லாத கோடு என்று மேலே சொன்ன அதே 25%.

இது தற்செயல் அல்ல. யாருக்கும் சாதகமில்லாத ஆட்டத்தில் டார்கெட்டை எங்கே வைத்தாலும் சராசரி பூஜ்யம்தான். ரிவார்டை நீட்டினால் வின் ரேட் அதற்கு ஈடாகச் சுருங்கும். கிணற்று ராட்டினத்தில் ஒரு வாளி ஏறினால் மற்றது இறங்குகிற மாதிரி. 1:3 வைத்துக்கொண்டதால் மட்டும் ஒரு பைசாகூட வராது. உங்கள் என்ட்ரியில் சரக்கு இருந்தால், 25% தொட வேண்டிய டார்கெட் 30% தடவை தொடும். அந்த உபரி 5%-தான் உங்கள் சொத்து. பலகையில் எழுதிய "மூணு ஜெயிச்சாலே" என்பது அந்த உபரி ஏற்கெனவே உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு.

இனி டிரேடுகளை எழுதிவைக்கும் நோட்டுக்கு வருவோம். முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக நான் கட்டியவை, ஆனால் இந்த மாதிரி நோட்டை டிரேடு செய்கிற யாரிடமும் பார்க்கலாம். அவர் மேலே சொன்ன மாதிரியே ஒரு லட்ச ரூபாய்க்கு இன்ட்ராடேயில், அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கிற முறையில், வாங்குகிறார். 1,000 ரிஸ்க், 2,000 டார்கெட். 40 டிரேடு முடிந்திருக்கிறது. 16 லாபம், 24 நஷ்டம். 40% வின் ரேட், 1:2 ரிஸ்க் ரிவார்டு, ஆக +0.20R. நாற்பதுக்கு 8,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். கணக்கில் 8,280 ரூபாய் குறைந்திருக்கிறது. "புரோக்கர் ஏதோ தப்பா எடுத்துட்டான்" என்கிறார்.

யாரும் தப்பாக எடுக்கவில்லை. ஜெயித்த 16-ஐப் பிரித்துப் பார்த்தால், டார்கெட் வரை போனவை 9 மட்டுமே. அவை 18,000 கொடுத்தன. மீதி 7 டிரேடில் பாதி வழியிலேயே கை அரித்துச் சராசரியாக 1,000 ரூபாயில் லாபத்தை எடுத்துவிட்டார். அது 7,000. மொத்தம் 25,000. சராசரி லாபம் 2,000 இல்லை, 1,562.

தோற்ற 24-இல் 20 டிரேடு ஸ்டாப்லாஸில் முடிந்தவை. ஆனால் 396-இல் இல்லை. ஸ்டாப்லாஸ் மார்க்கெட் ஆர்டர் என்பது 396-ஐத் தொட்டதும் கிடைக்கிற விலைக்கு விற்கிற ஆர்டர். விலை சரியும் வேகத்தில் 395.60-க்கு விற்றது. 40 பைசா, 250 பங்கு, 100 ரூபாய். இதைத்தான் ஸ்லிப்பேஜ் என்கிறார்கள். ஆக ஒவ்வொன்றிலும் 1,100 போனது. இருபதுக்கு 22,000. மீதி நான்கில் விலை 396-ஐ நெருங்கியதும் "இப்ப திரும்பிடும்" என்று ஸ்டாப்லாஸைக் கீழே தள்ளியிருக்கிறார். நான்கிலும் தலா 2,000 போனது. மொத்த நஷ்டம் 30,000, சராசரி 1,250.

1,562-க்கு 1,250. அவருடைய நிஜமான ரிஸ்க் ரிவார்டு 1:1.25. பேப்பரில் எழுதிய 1:2 எங்கேயுமே நடக்கவில்லை. அந்த விகிதத்துக்கு 44.4% ஜெயித்தால்தான் கோட்டில் நிற்க முடியும். அவர் 40%-இல் நிற்கிறார்.

அப்புறம் செலவு. ஒரு லட்சத்துக்கு வாங்கி விற்றால், ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் இரண்டு பக்கமும் 40. எஸ்டிடி, அதாவது பங்கு பரிவர்த்தனை வரி, இன்ட்ராடேயில் விற்கும் பக்கம் மட்டும் 0.025%, ஆக 25. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சுமார் 6. முத்திரைத் தீர்வை வாங்கும் பக்கம் 0.003%, ஆக 3. புரோக்கரேஜுக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் 18% ஜிஎஸ்டி, சுமார் 8. எல்லாம் சேர்த்து 82 ரூபாய். காண்ட்ராக்ட் நோட்டின் அடியில் சின்ன எழுத்தில் வருவது இதுதான். ஜெயித்தாலும் 82, தோற்றாலும் 82. நாற்பது டிரேடுக்கு 3,280.

25,000-இல் 30,000-மும் 3,280-உம் கழித்தால் மைனஸ் 8,280. ஒரு டிரேடுக்கு மைனஸ் 207. பேப்பரில் +200, நிஜத்தில் −207. வின் ரேட் மாறவே இல்லை.

இந்த 82 ரூபாயை அற்பம் என்று நினைக்க வேண்டாம். +0.20R சம்பாதிக்கிற திட்டத்தில் 0.08R செலவுக்கே போனால் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போனது. ஸ்டாப்லாஸை இன்னும் நெருக்கினால் இது மோசமாகும். 4 ரூபாய்க்குப் பதில் 2 ரூபாயில் ஸ்டாப்லாஸ் வைத்து, அதே 1,000 ரிஸ்க்குக்காக 500 பங்கு வாங்கினால், இரண்டு லட்சத்துக்கு வாங்கி விற்கிறீர்கள். எஸ்டிடியும் எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் இரட்டிப்பு. 40 பைசா ஸ்லிப்பேஜ் இப்போது 200 ரூபாய். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம். ஆண்டுக்கு 500 டிரேடுக்கு மேல் போட்டவர்களில் பத்துக்கு எட்டு. நஷ்டப்பட்டவர்கள், அந்த நஷ்டத்துக்கு மேல் அதில் 57% அளவுக்குப் பரிவர்த்தனைச் செலவாகவும் கொடுத்திருக்கிறார்கள்.

முருகேசன் நோட்டில் எதைச் சரிசெய்வது? கண்ணில் படுவது தள்ளிவைத்த நான்கு ஸ்டாப்லாஸ். அவற்றைத் தள்ளாமல் விட்டிருந்தால் தலா 1,100-இல் முடிந்திருக்கும், 3,600 மிச்சம். நஷ்டம் 8,280-லிருந்து 4,680 ஆகும். நல்லதுதான், ஆனாலும் நஷ்டம்தான். ஒழுக்கம் வந்துவிட்டால் லாபம் வந்துவிடும் என்று வகுப்புகளில் சொல்வதை நான் முழுசாக நம்பாததற்குக் காரணம் இந்த மாதிரி கணக்குகள்தான்.

அடுத்தது அவசரப்பட்டு விற்ற ஏழு. "ஏழையும் பிடித்திருந்தால் 14,000 ஆச்சே" என்று எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. ஏழும் டார்கெட்டுக்குப் போயிருக்கும் என்று யார் சொன்னது? சில திரும்பி வந்து ஸ்டாப்லாஸை அடித்திருக்கும். நாலு டார்கெட்டுக்கும் மூணு ஸ்டாப்லாஸுக்கும் போயிருந்தால் 8,000-இல் 3,300 போக 4,700. இப்போது கையில் இருக்கும் 7,000-ஐ விடக் குறைவு. ஐந்தும் இரண்டுமாகப் போயிருந்தால் 10,000-இல் 2,200 போக 7,800, கொஞ்சம் மேல். அதாவது ஏழில் குறைந்தது ஐந்து டார்கெட்டைத் தொட்டிருந்தால்தான் பிடித்து வைத்திருந்தது புத்திசாலித்தனம். இதை ஊகிக்க வேண்டியதில்லை. அந்த ஏழு நாளின் சார்ட்டைத் திறந்து, விற்ற பிறகு 408 முதலில் வந்ததா 396 முதலில் வந்ததா என்று பார்த்தால் போதும். அரை மணி நேர வேலை.

நோட்டு எழுதுவதற்குச் சூத்திரம்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு டிரேடிலும் செலவெல்லாம் போக வந்த தொகையை, நுழையும்போது நினைத்த ரிஸ்க்கால் வகுத்து ஒரு நெடுவரிசையில் போடுங்கள். F நெடுவரிசை என்றால்:

```
=AVERAGE(F2:F41)
=COUNTIF(F2:F41,">0")/COUNT(F2:F41)
=AVERAGEIF(F2:F41,">0")
=AVERAGEIF(F2:F41,"<0")
```

முதல் வரிதான் எக்ஸ்பெக்டன்சி. மற்ற மூன்றும் அது ஏன் அப்படி வந்தது என்று சொல்லும்: வின் ரேட், சராசரி லாபம், சராசரி நஷ்டம். சராசரி நஷ்டம் −1-ஐ விட ரொம்பக் கீழே போயிருந்தால் ஸ்டாப்லாஸ் பேச்சைக் கேட்பதில்லை என்று அர்த்தம். வகுக்கும் எண்ணை மட்டும் பிறகு மாற்றாதீர்கள். ஸ்டாப்லாஸைத் தள்ளி 2,000 தோற்றுவிட்டு, "என் ரிஸ்க் 2,000-தான்" என்று எழுதினால் −1R என்று காட்டும், நோட்டு பொய் சொல்லும்.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. வின் ரேட் ரொம்ப உயரமாக இருக்கும் திட்டங்கள். ஆப்ஷன் விற்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். நிஃப்டி இப்போது இருக்கும் இடத்திலிருந்து ரொம்பத் தள்ளி, மேலே ஒரு விலையில் வாங்கும் உரிமையான கால் ஒன்று, கீழே ஒரு விலையில் விற்கும் உரிமையான புட் ஒன்று என்று விற்றுவிட்டு, அந்த வாரம் நிஃப்டி அந்த ரெண்டு விலையையும் தொடாமல் போனால், விற்றதற்கு வாங்கிய பிரீமியம் நமக்கு. வாரம் 1,500 வீதம் ஒன்பது வாரம் வருகிறது, பத்தாவது வாரம் 15,000 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90% வின் ரேட். 0.9 × 1,500 = 1,350. 0.1 × 15,000 = 1,500. வாரத்துக்கு மைனஸ் 150. பத்துக்கு ஒன்பது ஜெயிக்கிற, ஆனால் நஷ்டத்தில் ஓடுகிற திட்டம்.

இதில் மோசம் என்னவென்றால், அந்தப் பத்தாவது வாரம் வருகிறவரை நோட்டில் சராசரி நஷ்டம் என்ற கட்டமே காலியாக இருக்கும். எக்ஸ்பெக்டன்சி +1,500 என்று காட்டும். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாளில் நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6% விழுந்தது. அதற்கு முந்தைய நாள்தான் 3%-க்கு மேல் ஏறியிருந்தது. ஜூன் 3 மாலை வரை மட்டும் நோட்டு எழுதியவர் தன் புட் விற்பனைத் திட்டத்தைப் பற்றி என்ன எண் போட்டிருந்தாலும் அது பாதி எண்தான். ஆகவே இப்படிப்பட்ட திட்டத்துக்கு, நடந்த நஷ்டத்தை மட்டும் போடாமல், "6% விழுந்தால் எனக்கு எவ்வளவு போகும்" என்று தனியாகக் கணக்கிட்டு, சில வருஷத்துக்கு ஒருமுறை அதையும் நுழைத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை டிரேடு எழுதினால் அந்த எண்ணை நம்பலாம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பதில் கொஞ்சம் கசப்பு. 40 டிரேடில் 40% ஜெயித்தவருடைய உண்மையான வின் ரேட், புள்ளியியல் கணக்குப்படி 25%-லிருந்து 55% வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 1:2-க்கு 33.3% கோடு என்றால், இந்த இடைவெளிக்குள் லாபமும் இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. 100 டிரேடு ஆனால் அது இரண்டு பக்கமும் 10% அளவுக்குச் சுருங்கும். 5%-க்குக் கொண்டுவர 400 டிரேடு வேண்டும். முருகேசனின் நாற்பதை வைத்து அவர் என்ட்ரி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்லிப்பேஜ் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஸ்டாப்லாஸை எத்தனை தடவை தள்ளினார் என்பதெல்லாம் நாற்பதிலேயே நன்றாகத் தெரிந்துவிடும். அவை அதிர்ஷ்டத்தைப் பெரிதாக நம்பி இல்லை.

திட்டம் உண்மையிலேயே +0.20R கொடுப்பதாக இருந்தாலும்கூட, 60% தோற்கிறவருக்கு 100 டிரேடில் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஆறு நஷ்டம் வர சுமார் 87% வாய்ப்பு. பலர் ஆறாவது நஷ்டத்தில் திட்டத்தை மாற்றுகிறார்கள், டார்கெட்டைக் கிட்டே கொண்டுவருகிறார்கள், அல்லது விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். அன்றோடு பழைய நாற்பது வரியும் புது வரிகளும் ஒரே சராசரிக்குள் கூட்ட முடியாதவை ஆகிவிடும். ஏதாவது விதியை மாற்றினால் நோட்டில் ஒரு கோடு கிழித்து, கீழே ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பியுங்கள்.

முருகேசன் அப்படித்தான் ஆரம்பிக்கிறார். புது நோட்டில் ஒரு நெடுவரிசை கூடியிருக்கிறது: "நான் வெளியே வந்த பிறகு முதலில் தொட்டது எது, 396-ஆ 408-ஆ?"